20-ஆம் தேதிக்குப் பிறகு பைத்தான்: திருப்பூர்க் கணக்காளர் ஒருவரின் கற்றல் திட்டம்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் அவர் வேலை பார்க்கிறார். பி.காம். படித்தவர். டேலியில் கை வேகமாக ஓடும், எக்ஸெல்லில் `VLOOKUP` போடத் தெரியும். வாரம் ஆறு நாள் காலை ஒன்பதுக்குப் போனால் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். பள்ளிக்குப் போகும் பிள்ளை உண்டு. பைத்தான் படிக்க வேண்டும் என்று அவர் என்னிடம் வந்தபோது, ஏற்கெனவே ஓர் இணைய வகுப்புக்குப் பணம் கட்டி, பாதியில் விட்டிருந்தார்.

"வீடியோ பாக்கறப்ப எல்லாம் புரியுதுங்கண்ணா. மூடி வெச்சுட்டு நானா எழுதலாம்னு உக்காந்தா ஒரு வரி வரமாட்டேங்குது" என்றார்.

நான் பல வருடமாக நிரல் எழுதிப் பிழைப்பவன். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இதே வாக்கியத்தோடுதான் வருகிறார்கள். திறமைக் குறைவு இதற்குக் காரணம் இல்லை. மாணவர்களுக்காக வரிசைப்படுத்திய பாடத்திட்டத்தை, மாணவருடைய நேரமோ தேர்வோ இல்லாத ஒருவர் அப்படியே எடுத்துக்கொள்வதுதான் பிரச்சினை. ஆகவே பாடப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, அவருடைய மாதம் எப்படிப் போகிறது என்பதிலிருந்து திட்டத்தைத் தொடங்கினோம். நவம்பர் 21 முதல் மார்ச் 10 வரை அந்தத் திட்டம் எப்படி அமைந்தது, எங்கே முட்டியது, எதை மாற்றினோம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எந்த வேலைக்காக

"பைத்தான் கத்துக்கணும்" என்பதை இலக்காக வைத்தால் அது எப்போது முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் மாதாமாதம் அவரை வதைக்கும் ஒரு வேலையைச் சொல்லச் சொன்னேன். யோசிக்கவே இல்லை, உடனே சொன்னார்: 2பி ஒப்பிடுவது.

இந்த வேலையைப் பழகாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நூல், சாயம், அட்டைப் பெட்டி என்று நிறுவனம் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் கட்டிய ஜிஎஸ்டியை 'இன்புட்' என்று வரவு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விற்றவர் தன் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் அந்த பில்லைக் காட்டியிருக்க வேண்டும், அது நம்முடைய ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் வந்திருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் 2பியில் வராத பில்லுக்கு இன்புட் எடுக்க வழியில்லை. மாதாந்தரத் தாக்கலில் இருப்பவர்கள் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போடுகிறார்கள். 14-ஆம் தேதி 2பி வருகிறது. 20-ஆம் தேதிக்குள் நாம் வரி கட்டும் படிவமான 3பி தாக்கல் செய்ய வேண்டும். இடையில் இருக்கும் அந்தச் சில நாளில், டேலியிலிருந்து எடுத்த பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் தளத்திலிருந்து இறக்கிய 2பியையும் பில் பில்லாக வைத்துப் பார்த்து, எது இருக்கிறது, எது இல்லை, எதில் தொகை மாறுகிறது என்று பிரிக்க வேண்டும்.

`VLOOKUP` இதில் பாதி தூரம்தான் உதவுகிறது. பார்ட்டி `TN/0457` என்று போட்ட பில் எண்ணை நம் அலுவலகத்தில் யாரோ `TN-0457` என்று ஏற்றியிருப்பார்கள். எண்ணுக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும், கண்ணுக்கே தெரியாது. எக்ஸெல்லுக்கு இவையெல்லாம் வேறு வேறு பில்.

ஒன்றை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். இந்த ஒரு வேலை மட்டும் முடிந்தால் போதும் என்றால், எக்ஸெல்லுக்குள்ளேயே இருக்கும் பவர் குவெரி போதும். சில ஞாயிற்றுக்கிழமைகளில் பழகிவிடலாம். தனக்கு ஒரு நிரல்மொழி வேண்டும், நாளைக்கு வேறு வேலைக்கும் அதைத் திருப்ப முடிய வேண்டும் என்று அவர் உறுதியாக நின்ற பிறகுதான் பைத்தானைத் தொட்டோம். வருகிறவர்களிடம் இதைக் கேட்டாக வேண்டும். கருவி போதும் என்பவருக்கு மொழியைத் திணித்தால் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுவார்.

நேரத்தை எங்கிருந்து எடுப்பது

"தினமும் ஒரு மணி நேரம்" என்றுதான் அவருடைய பழைய திட்டம் தொடங்கியது. அந்த மணி நேரம் இரவு ஒன்பதரைக்கு மேல். நாள் முழுக்கத் திரையில் எண்களைப் பார்த்த கண்ணும் தலையும் அந்த நேரத்தில் பிழைச் செய்தி ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்காது. வீடியோ பார்க்க முடியும், எழுத முடியாது. அவருடைய புகாருக்குப் பாதிக் காரணம் இதிலேயே இருந்தது.

போன மாதத்துக் காலண்டரை எடுத்து வைத்து, உண்மையில் எந்த நேரம் அவர் கையில் இருந்தது என்று பார்த்தோம். திங்கள் முதல் சனிக்குள் நான்கு காலைகளில் 40 நிமிடம் கிடைத்தது. ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம். கூட்டினால் வாரத்துக்கு 280 நிமிடம், ஐந்து மணி நேரம்கூட இல்லை.

அடுத்து மாதத்தைப் பார்த்தோம். 11 முதல் 20 வரை அவர் வீட்டுக்கு வருவதே தூங்குவதற்குத்தான். வாரக் கணக்கில் போடும் எந்தத் திட்டமும் இந்தப் பத்து நாளில் உடையும். உடைந்ததும் "விட்டுப்போச்சு" என்ற எண்ணம் வந்துவிடும், பிறகு 21-ஆம் தேதி திரும்பி உட்காருவது பெரும்பாடு. அதனால் அந்த நாட்களைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டோம். 21-ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 10 வரை ஒரு சுற்று. நவம்பர் 21 முதல் மார்ச் 10 வரை இப்படி நான்கு சுற்றுகள் கிடைத்தன. பொங்கல் தானாகவே மூடிய நாட்களுக்குள் விழுந்தது. மார்ச் 10-க்குப் பிறகு வருடக் கணக்கு முடிக்கும் வேலை, அங்கே திட்டம் கட்டாயம் முடிந்தாக வேண்டும்.

நான்கு சுற்றும் சேர்ந்து ஏறக்குறைய 53 மணி நேரம். அதில் கால்பங்கைக் காய்ச்சல், விருந்தாளி, பிள்ளையின் தேர்வு என்று கழித்து, 40 மணி நேரத்துக்கு மட்டுமே பாடம் வைத்தேன். இந்த எண் கையில் வந்த பிறகு பல முடிவுகள் சுலபமாகிவிட்டன. 40 மணி நேரத்தில் ஒரு மொழியை முழுதாகக் கற்க முடியாது. ஒரு வேலைக்கு வேண்டிய அளவு மொழியை நன்றாகக் கற்கலாம்.

எதை விடுவது

பைத்தானின் அதிகாரபூர்வப் பயிற்சி நூலில் மூன்றாம் அத்தியாயம் எண்களும் எழுத்துச் சரங்களும், நான்கு `if`, `for`, செயல்கூறுகள், ஐந்து பட்டியல், அகராதி முதலானவை. ஏழில் கோப்பு வாசிப்பது, எட்டில் பிழைகள். இவ்வளவுதான் எடுத்தோம், அவற்றிலும் தேவையான பக்கங்களை மட்டும். கூடவே, கமாவால் பிரித்த சிஎஸ்வி கோப்புகளை வாசிக்கும் `csv` என்ற நூலகத்தின் ஒரே பக்கம். ஒன்பதாம் அத்தியாயமான வகுப்புகள் பக்கம் போகவே இல்லை.

பலரும் எதிர்ப்பு சொன்னது, அட்டவணைகளைக் கையாளும் பைத்தான் நூலகமான பாண்டாஸை விட்டதற்குத்தான். இரண்டு அட்டவணையை ஒப்பிடுவது பாண்டாஸில் ஒரே வரி. அது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரி தப்பான விடை கொடுக்கும்போது ஏன் தப்பு என்று கண்டுபிடிக்க, ஒரு வரிசையை எடுப்பது, சுத்தம் செய்வது, தேடுவது என்ற மூன்றும் தன் கையால் செய்து பழகியிருக்க வேண்டும். வரி சம்பந்தப்பட்ட வேலையில் விடை தப்பினால் நிறுவனம் வட்டியோடு கட்ட வேண்டிவரும். அதனால் முதல் நான்கு சுற்றுக்கும் வெறும் பைத்தான்தான் என்று வைத்தேன். இதில் நான் இன்னும் மாறவில்லை.

2பி எக்ஸெல் கோப்பை நேரடியாக வாசிப்பதையும் ஒத்திவைத்தோம். அதில் மேலே தலைப்பு வரிசைகள், இணைத்த செல்கள் எல்லாம் இருக்கும். முதல் நாளே அதோடு மல்லுக்கட்டினால் மொழி படிக்க நேரம் இராது. வேண்டிய மூன்று நெடுவரிசையை மட்டும் கையால் நகலெடுத்து, `gstin`, `inv_no`, `tax` என்று தலைப்பு வைத்து சிஎஸ்வியாகச் சேமிப்பது என்று முடிவு செய்தோம்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. அலுவலகத்தின் உண்மையான பில் விவரம் எதுவும் வீட்டு மடிக்கணினிக்கு வரக்கூடாது. அதற்குப் பதிலாக அவரே இருபது வரிசையில் ஒரு போலிக் கோப்பு செய்தார். அதில் தவறுகளை வேண்டுமென்றே வைத்தார்: ஒரு பில் எண்ணில் இடைவெளி, ஒன்றில் கோடு மாறியது, ஒன்றில் தொகை வித்தியாசம், ஒரு பில் ஒரு கோப்பில் மட்டும். என்ன விடை வர வேண்டும் என்பது நிரல் எழுதும் முன்பே ஒரு தாளில் எழுதியாகிவிட்டது. ரகசியத்துக்காகச் செய்தது, படிப்புக்கும் மிகவும் பயன்பட்டது. நிரல் சரியா என்று என்னைக் கேட்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லாமல் போயிற்று.

ஒரு காலை வேளை எப்படிப் போகும்

நாற்பது நிமிடத்தின் முதல் பத்து நிமிடம் பழைய பாடத்துக்கு. வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து, போன முறை எழுதியதைப் பார்க்காமல் மறுபடி எழுத வேண்டும். முடியாவிட்டால் பழையதைத் திறந்து பார்க்கலாம், ஆனால் பார்த்ததும் மூடிவிட்டு எழுத வேண்டும். நகலெடுக்கக் கூடாது. அடுத்த இருபத்தைந்து நிமிடம் புதியது. கடைசி ஐந்து நிமிடத்தில் கோப்பின் அடியில் ஒரு குறிப்பு எழுதி முடிக்க வேண்டும்:

```python
# அடுத்தது: தொகையில் கமா இருந்தால் நின்றுவிடுகிறது. replace பார்க்க.
```

அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மறுநாள் முதல் பத்து நிமிடம் "எங்கே விட்டோம்" என்று தேடுவதிலேயே போய்விடும். நாற்பதில் பத்து என்பது பெரிய பங்கு.

பார்க்காமல் எழுதுவதை நான் வற்புறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். அடுத்தடுத்த நாள் உட்காரவே முடியாமல், சில நேரம் பத்து நாள் இடைவெளி விழும் ஒருவருக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். வீடியோவில் "எல்லாம் புரிகிறது" என்று தோன்றுவது அந்த ஐந்து நிமிடச் சோதனை மாதிரிதான். நடுவில் பத்து நாள் போனால் நிற்காது.

மூடிய பத்து நாட்களிலும் ஒரே ஒரு வேலை இருந்தது. அலுவலகத்தில் ஒப்பிடும்போது, பொருந்தாத பில் ஒவ்வொன்றும் ஏன் பொருந்தவில்லை என்று நோட்டில் ஒரு வரி எழுதுவது. கணினி வேண்டாம், தனி நேரமும் வேண்டாம். இந்த நோட்டுதான் பின்னால் திட்டத்தையே திருத்தியது.

நான்கு சுற்றுகள்

முதல் சுற்றில் இலக்கு சின்னது: ஒரு கோப்பை வாசித்து, எத்தனை பில், மொத்த வரி எவ்வளவு என்று அச்சிட வேண்டும். அந்தத் தொகை எக்ஸெல் காட்டும் கூட்டுத்தொகையோடு பைசா சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். கணக்காளருக்கு இதைவிடப் பழக்கமான சோதனை கிடையாது. விண்டோஸில் பைத்தானை நிறுவும்போது "Add python.exe to PATH" என்ற கட்டத்தில் டிக் அடிக்காமல் விட்டதால் ஒரு காலை முழுக்கப் போயிற்று. அது யாருக்கும் நடப்பது.

அடுத்து அவரை நிறுத்தியது இந்தப் பிழை:

```
KeyError: 'gstin'
```

கோப்பைத் திறந்து பார்த்தால் முதல் நெடுவரிசையின் தலைப்பு `gstin` என்றுதான் இருக்கிறது. எழுத்துப் பிழையும் இல்லை. இந்த மாதிரி இடத்தில் தனியாகப் படிப்பவர்கள் நிரலை மாற்றி மாற்றி எழுதி அலுத்துப் போவார்கள். நான் விடையைச் சொல்லாமல், "பைத்தானுக்கு என்ன தெரியுதுன்னு அதையே கேளுங்க" என்று `print(row.keys())` போடச் சொன்னேன். திரையில் வந்தது இது:

```
dict_keys(['ï»¿gstin', 'inv_no', 'tax'])
```

எக்ஸெல்லில் "CSV UTF-8" என்று சேமிக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளம் சேர்கிறது. அது முதல் தலைப்போடு ஒட்டிக்கொண்டது. திறக்கும்போது `encoding="utf-8-sig"` என்று சொன்னால் பைத்தான் அதை நீக்கிவிடும். தீர்வு ஒரு சொல்தான். ஆனால் அந்த ஞாயிறு அவர் கற்றுக்கொண்டது, நம் கண்ணுக்குத் தெரிவதும் நிரலுக்குத் தெரிவதும் வேறாக இருக்கலாம், சந்தேகம் வந்தால் அச்சிட்டுப் பார்க்க வேண்டும் என்பதை. பிறகு வந்த பிழைகளில் முக்கால்வாசி இதே வழியில் தீர்ந்தன.

இரண்டாம் சுற்றுக்கு எழுத்துச் சரங்களைச் சுத்தம் செய்வது என்று வைத்திருந்தேன். தொகை `1,18,000.00` என்று கமாவோடு இருந்தால் `could not convert string to float` என்று நின்றுவிடும், கமாவை எடுக்க வேண்டும். ஜிஎஸ்டி எண் 15 எழுத்து இருக்கிறதா, முதல் இரண்டு மாநிலக் குறியீடா (தமிழ்நாட்டுக்கு 33) என்று பார்த்துத் தப்பானவற்றை அச்சிடும் பயிற்சியும் செய்தார். பில் எண்ணைச் சுத்தம் செய்வதில்தான் நிறைய நேரம் போயிற்று, போகவும் வேண்டும்.

ஜிஎஸ்டி விதி 46-இன்படி பில் எண் 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. எழுத்து, எண் தவிர கோடும் சாய்கோடும் மட்டுமே வரலாம். ஆகவே மாறக்கூடியவை மிகச் சில என்று அவரே கண்டுபிடித்து இதை எழுதினார்:

```python
def clean(s):
    return s.strip().upper().replace(" ", "").replace("-", "/")

def money(s):
    return float(s.replace(",", ""))
```

அடுத்த காலையில் ஆர்வத்தில் ஒரு படி மேலே போய், பில் எண்ணில் கடைசி எண்ணை மட்டும் எடுத்து ஒப்பிடலாமே என்று பார்த்தார். `24-25/457` என்பதில் 457 மட்டும். போலிக் கோப்பில் எல்லாம் பொருந்தின. ஒரே பார்ட்டியின் `25-26/457` வந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு அதை அழித்தார். பொருந்தாததைப் பொருந்தவில்லை என்று காட்டினால் மனிதர் ஒருவர் பார்த்துக்கொள்வார். பொருந்தாததைப் பொருந்தியது என்று காட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள். சுத்தம் செய்யும் விதி கஞ்சத்தனமாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவானது.

மூன்றாம் சுற்றில்தான் திட்டம் உண்மையாகவே தடுக்கியது. இரண்டு கோப்பையும் ஒப்பிட வேண்டும். அவர் இரண்டையும் பட்டியலாக வாசித்து, ஒரு `for`-க்குள் இன்னொரு `for` போட்டார். எது பொருந்துகிறது என்று சொல்ல முடிந்தது, எது எங்கேயும் பொருந்தவில்லை என்று சொல்ல நிரல் சிக்கலாகிக்கொண்டே போனது. அகராதி பயன்படுத்த வேண்டிய இடம் அது. ஆனால் அகராதியை நான் இரண்டாம் சுற்றில் இரண்டே காலைக்குத்தான் ஒதுக்கியிருந்தேன், அதுவும் பத்து நாள் இடைவெளிக்குப் பிறகு வெற்றுக் கோப்பில் வரவில்லை. அதுதான் அடையாளம்: புதியதில் முட்டுகிறார் என்றால் காத்திருக்கலாம், பழையதை வெற்றுக் கோப்பில் எழுத முடியவில்லை என்றால் திட்டத்தை நிறுத்தித் திரும்ப வேண்டும். சுற்றின் முதல் வாரம் முழுவதையும் அகராதிக்கே கொடுத்தோம். கால்பங்கு நேரத்தை முன்பே கழித்து வைத்திருந்ததால் எதையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை.

அவருக்கு அகராதி பிடிபட்டது `VLOOKUP` வழியாக. முதல் நெடுவரிசையில் தேடு, பக்கத்தில் இருப்பதைக் கொடு என்பதுதானே அது. அகராதியும் அதையே செய்கிறது, ஆனால் தேடும் சாவியில் இரண்டு மதிப்பைச் சேர்த்து வைக்கலாம். ஒரே பில் எண் இரண்டு பார்ட்டியிடமும் இருக்கலாம் என்பதால் ஜிஎஸ்டி எண்ணும் பில் எண்ணும் சேர்ந்ததுதான் சாவி.

```python
import csv

def load(path):
    bills = {}
    with open(path, newline="", encoding="utf-8-sig") as f:
        for row in csv.DictReader(f):
            key = (clean(row["gstin"]), clean(row["inv_no"]))
            bills[key] = money(row["tax"])
    return bills
```

பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. பிழைச் செய்தியும் வராது. ஆனால் இதில் ஒரு தவறு இருக்கிறது, அதை அவருடைய நோட்டுதான் பிடித்தது. ஜனவரியில் ஒப்பிடும்போது அவர் எழுதியிருந்த ஒரு வரி: "ஒரே பில், 5 சதவீதம் ஒரு வரிசை, 18 சதவீதம் ஒரு வரிசை." பர்ச்சேஸ் ரிஜிஸ்டரில் ஒரு பில் இரண்டு வரிசையாக வந்தால், இரண்டாவது வரிசை முதலாவதன் மேல் எழுதிவிடும். தொகை குறைந்து, இல்லாத வித்தியாசம் ஒன்று தெரியும். போலிக் கோப்பில் அப்படியொரு பில் இல்லாததால் நிரல் தேறியிருந்தது. போலிக் கோப்பில் அதைச் சேர்த்து, விடை தப்புகிறது என்று பார்த்த பிறகு அந்த வரியை மாற்றினார்:

```python
bills[key] = bills.get(key, 0) + money(row["tax"])
```

முதல் சுற்றின் கூட்டுத்தொகைச் சோதனையை இந்த நிரலிலும் விடாமல் வைத்திருந்தால் நோட்டு இல்லாமலே இது சிக்கியிருக்கும். அதன் பிறகு `sum(bills.values())` எக்ஸெல் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போகாவிட்டால் நிரல் மேலே போகக்கூடாது என்பதை விதியாக்கினோம்.

ஒப்பிடும் பகுதி அதன் பின் சில வரிகளில் முடிந்தது:

```python
books = load("books.csv")
portal = load("portal.csv")

print("2B-இல் இல்லை:", books.keys() - portal.keys())
print("புத்தகத்தில் இல்லை:", portal.keys() - books.keys())

for key in books.keys() & portal.keys():
    if abs(books[key] - portal[key]) > 1:
        print(key, books[key], portal[key])
```

ஒரு ரூபாய்க்குள் இருக்கும் வித்தியாசத்தை விட்டுவிடுவது அவருடைய முடிவு. பைசாவை முழுமையாக்குவதில் பார்ட்டிக்குப் பார்ட்டி மாறும் என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

நான்காம் சுற்றுக்கு நான் முதலில் போட்டிருந்தது, விடையை அழகான எக்ஸெல்லாக எழுதுவது. நோட்டைப் படித்த பிறகு அதைத் தூக்கிவிட்டோம். 2பியில் வராத பில்களில் பெரும்பகுதி உண்மையில் காணாமல் போனவை அல்ல. விற்றவர் 11-ஆம் தேதியைத் தாண்டித் தாக்கல் செய்திருப்பார், பில் அடுத்த மாத 2பியில் வரும். அதனால் போன மாதம் மிஞ்சியவற்றை ஒரு கோப்பில் எழுதி வைத்து, இந்த மாதம் `books`-உடன் சேர்த்து ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அவை "புத்தகத்தில் இல்லை" பட்டியலில் வந்து நிற்கும். கோப்பில் எழுதுவதையும் அவர் இதன் வழியாகவே கற்றார். எழுதும்போது அந்தக் கோப்பு எக்ஸெல்லில் திறந்திருந்தால் `PermissionError` வரும். மூடிவிட்டு ஓட்டினால் சரியாகிவிடும், நிரலில் தவறில்லை. எழுதிய சிஎஸ்வியை எக்ஸெல்லில் திறந்து மறுபடி சேமிக்கக் கூடாது என்பதும் இங்கேதான் தெரிந்தது. `00457` என்ற பில் எண் 457 ஆகிவிடும், `5-24` போன்றது தேதியாக மாறிவிடும்.

அலுவலகத்துக்குள் போனது

நிரல் அலுவலகக் கணினியில் ஓட, அங்கே பைத்தானை நிறுவ வேண்டும். அதற்கு அனுமதி கேட்பதைத் திட்டத்தின் முதல் மாதத்திலேயே வைத்திருந்தோம், ஏனென்றால் அனுமதி எப்போதும் தாமதமாகும். மேலாளரிடம் அவர் கேட்ட விதம் எனக்குப் பிடித்தது: "கையில போடறதை நிறுத்தலைங்க சார். ரெண்டையும் போட்டு, ஒத்துப்போகுதான்னு ரெண்டு மாசம் பாக்கறேன்." எந்தக் கணக்குப் பிரிவும் மறுக்க முடியாத கோரிக்கை.

பிப்ரவரி 14-ஆம் தேதி வந்த 2பியோடு முதல் முறை இரண்டையும் ஓட்டினார். கையால் போட்ட பட்டியலும் நிரல் கொடுத்ததும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு வித்தியாசத்தையும் எடுத்துப் பார்த்ததில், சில இடத்தில் நிரல் தப்பு. கிரெடிட் நோட்டுகளை அவர் பர்ச்சேஸ் பில்லோடு ஒரே கோப்பில் நகலெடுத்துவிட்டார். 2பியில் அவை தனித் தாளில் இருக்கின்றன. சில இடத்தில் கை தப்பு, ஒரே பார்ட்டியின் அடுத்தடுத்த இரண்டு பில்லில் கண் ஒரு வரிசை தாவியிருந்தது. மார்ச் மாத 2பியில் வித்தியாசம் எதுவும் இல்லை. கிரெடிட் நோட்டுக்குத் தனி ஓட்டம் என்று அவரே `load`-ஐ இன்னொரு கோப்புக்கு அழைத்திருந்தார், என்னைக் கேட்கவில்லை.

மார்ச் 10-க்குப் பிறகு புதிதாக எதுவும் எடுக்கவில்லை. ஏப்ரல் 21-இலிருந்து அடுத்த திட்டம் இரண்டு சுற்று மட்டும்: `openpyxl` என்ற நூலகத்தைக் கொண்டு 2பி எக்ஸெல்லை நேரடியாக வாசித்து, கையால் நகலெடுக்கும் படியை எடுத்துவிடுவது முதல் சுற்று. இப்போது எழுதியிருப்பதையே பாண்டாஸில் எழுதி, இரண்டின் விடையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது இரண்டாவது. போலிக் கோப்பில் இப்போது இருபதுக்கு மேல் வரிசைகள். ஒவ்வொரு மாதமும் நோட்டில் புதிதாக ஒரு வகைப் பொருத்தமின்மை வந்தால், அதை முதலில் அந்தக் கோப்பில் சேர்த்துவிட்டுத்தான் நிரலைத் தொடுகிறார்.